பயணம் போகிற அண்ணனுக்குப் பரிசு: எதைக் கூட்டுவது என்று யோசிக்காதீர்கள், எதை எடுத்துவிடலாம் என்று பாருங்கள்

"என் அண்ணன் வேலை விஷயமாக மாதத்தில் பாதி நாள் வெளியூரில்தான் இருக்கிறார். கோயம்புத்தூரிலிருந்து டெல்லி, அகமதாபாத், அவ்வப்போது சிங்கப்பூர், துபாய். விமானமும் உண்டு, ராத்திரி ரயிலும் உண்டு. பிறந்தநாளுக்கு ஏதாவது உபயோகமாக வாங்கிக் கொடுக்க வேண்டும். பட்ஜெட் 4,000 ரூபாய். போன வருஷம் வாங்கிக் கொடுத்த கழுத்துத் தலையணை அட்டைப்பெட்டியோடு அலமாரியில் கிடக்கிறது. இந்தத் தடவை என்ன வாங்கலாம்?"

அந்தத் தலையணை ஏன் அலமாரியில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் வீட்டிலும் இரண்டு கிடக்கின்றன. நான் பதினான்கு வருஷம் நூற்பாலை இயந்திரங்களுக்கு சர்வீஸ் இன்ஜினியராக ஊர் ஊராகப் போனவன். அந்தக் காலத்தில் எனக்கு வந்த பரிசுகளில் முக்கால்வாசி நல்ல பொருள்கள்தான், ஆனால் பைக்குள் போகவே இல்லை. அடிக்கடி பயணம் போகிறவனின் பை ஏற்கனவே நிரம்பியிருக்கும். அதில் இன்னொரு பொருளைச் சேர்ப்பதாக இருந்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் இரண்டாவது பயணத்தில் வெளியே போய்விடும். உள்ளே இருக்கிற ஒன்றை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்காருகிற பொருள்தான் தங்கும்.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். உள்நாட்டு எகானமி டிக்கெட்டில் பெரும்பாலும் கைப்பைக்கு 7 கிலோ, செக்-இன் பைக்கு 15 கிலோ. அடிக்கடி போகிறவர்கள் செக்-இன் போடவே மாட்டார்கள், பெல்ட்டில் அரை மணி நேரம் காத்திருக்க யாருக்குப் பொறுமை? அதனால் எல்லாம் அந்த 7 கிலோவுக்குள் அடங்க வேண்டும். என் பழைய பையை ஒரு நாள் பிரித்துப் போட்டு, சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். காலிப் பெட்டி 2.6 கிலோ, லேப்டாப் 1.6, மூன்று நாள் துணி 1.6. இந்த மூன்றிலும் கை வைக்க முடியாது. அப்புறம் லேப்டாப் சார்ஜர் அதன் தடித்த மூன்று பின் ஒயரோடு 450 கிராம், போன் சார்ஜர் 100, இருபதாயிரம் எம்ஏஎச் பவர் பேங்க் 380, டர்க்கி டவல் 450, ஸ்டீல் பாட்டில் 300, சோப்பு ஷாம்பு பை 500. கூட்டினால் 7 கிலோ 980 கிராம். கவுன்டரில் தராசில் வைக்கச் சொன்னால் மாட்டிக்கொள்வேன், சொல்லாவிட்டால் தப்பித்தேன். பல வருஷம் இப்படித்தான் ஓடியது.

உங்கள் 4,000 ரூபாயை இந்த இரண்டாவது கூட்டத்தின் மீது செலவு செய்யுங்கள். ஒரே ஒரு பெரிய பொருளாக இல்லாமல், ஒரு சின்ன ஜிப் பைக்குள் நாலு பொருளாகக் கொடுங்கள்.

முதலில் சார்ஜர். கேன் சார்ஜர் என்று கடையில் கேட்டால் தருவார்கள், காலியம் நைட்ரைடு என்பதன் சுருக்கம் அது. வழக்கமான சிலிக்கானை விடக் குறைவாகச் சூடாகும், அதனால் உள்ளே பாகங்களை நெருக்கமாக வைக்க முடிகிறது, அளவு சுருங்குகிறது, அவ்வளவுதான் விஷயம். 65 வாட் சார்ஜர் ஒன்று கிட்டத்தட்ட 120 கிராம் இருக்கும், ஒயர் 50 கிராம். லேப்டாப்புக்கும் போனுக்கும் காது இயர்பட்ஸுக்கும் அது ஒன்றே போதும். 550 கிராம் இருந்த இடத்தில் 170 கிராம். பணம் முக்கியமாக இதற்குத்தான் போகும், ஒயரோடு சேர்த்து இரண்டாயிரம் ரூபாய் வரை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். அண்ணனுடைய லேப்டாப் யூஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஏறுகிற வகையா என்று தெரிய வேண்டும். அவருடைய பழைய சார்ஜரின் முனையைப் பாருங்கள். போன் ஒயர் மாதிரி நீள்வட்டமாகத் தட்டையாக இருந்தால் சரி. உருளையாக, நடுவில் ஊசியோடு இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சில லேப்டாப்களில் உருளை முனையும் இருக்கும், யூஎஸ்பி-சி வழியாகவும் ஏறும், சிலவற்றில் அந்த யூஎஸ்பி-சி துளை தகவலுக்கு மட்டும்தான். மாடல் எண்ணைக் கொண்டுபோய்த் தேடிப் பார்ப்பதுதான் வழி. பழைய சார்ஜரின் அடியில் எத்தனை வாட் என்று அச்சடித்திருப்பார்கள், 45 அல்லது 65 என்றால் கவலையில்லை. கேமிங் லேப்டாப் மாதிரி 150 வாட்டுக்கு மேல் கேட்கிற ஜாதி என்றால் இந்தப் பரிசையே விட்டுவிடுங்கள்.

இரண்டு மூன்று துளை இருக்கிற சார்ஜரில் ஒரு விஷயத்தை அண்ணனிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பொருள் கெட்டுப்போச்சு என்று நினைப்பார். 65 வாட் என்பது ஒரு துளைக்கு மட்டும் சொருகினால்தான். இரண்டாவதாக போனைச் சொருகியதும் அது 45-ம் 20-மாகப் பிரிந்துவிடும், பிரிகிற அந்த நொடியில் லேப்டாப் ஒரு தடவை சார்ஜ் நின்று மறுபடி ஏறும். இதெல்லாம் இயல்பு. ஒயர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண யூஎஸ்பி-சி ஒயர் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரைதான் கொண்டுபோகும். அதற்கு மேல் போக வேண்டுமானால் முனைக்குள் ஒரு சின்ன சிப் இருக்க வேண்டும், அட்டையில் 100 வாட் என்று போட்டிருக்கிற ஒயராகப் பார்த்து வாங்குங்கள். நீளம் 2 மீட்டர். ரயிலில் மேல் பெர்த் கிடைத்த ஒருவனுக்கு ஒரு மீட்டர் ஒயர் எதற்கும் ஆகாது.

ரயில் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது, இதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். நம் ஊர் ஐந்து ஆம்பியர் பிளக்கின் உருண்டைப் பின் சுமார் 5 மில்லிமீட்டர் தடிமன். ஐரோப்பிய இரட்டைப் பின் 4 மில்லிமீட்டர்தான். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், வீட்டு சாக்கெட்டிலும் ஒப்புக்கு நிற்கும். ரயில் பெட்டியில் ஆயிரம் பேர் சொருகி எடுத்துத் தளர்ந்துபோன சாக்கெட்டில் அந்த மெல்லிய பின் சார்ஜர், வண்டி தண்டவாளம் மாறுகிற இடத்தைத் தாண்டி ஆடியதும் தலைகீழாகத் தொங்கும், அடுத்த குலுக்கலில் கீழே விழும். வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தது, ஆன்லைனில் இறக்குமதி மாடல் என்று வருவது எல்லாம் பெரும்பாலும் மெல்லிய பின். இந்தியாவில் விற்பதற்கென்றே செய்த, தடித்த பின் மாடலைக் கேட்டு வாங்குங்கள். கடையிலேயே ஒரு சாக்கெட்டில் சொருகி லேசாக ஆட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் என்ன செய்வது என்று கேட்பீர்கள். இரண்டு ஊரிலும் ஒரே வகைதான், மூன்று சதுரப் பின். அதற்காக உலகத்தில் உள்ள எல்லா நாட்டுப் பின்னும் தள்ளித் தள்ளி வெளியே வருகிற அந்தப் பெரிய கட்டை வேண்டாம். கனம் அதிகம், சுவரிலிருந்து சரிந்துவிடும், தள்ளுகிற பொத்தான்தான் முதலில் உடையும். அண்ணன் போவது இந்த இரண்டு ஊர் என்றால் நம் உருண்டைப் பின்னை சதுரப் பின்னாக மாற்றுகிற சின்ன அடாப்டர் ஒன்று போதும், நூறு நூற்றைம்பது ரூபாய். இது இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா, சதுர சாக்கெட்டின் மேல் துளையில் பேனா நுனியை விட்டு மூடியைத் திறந்து, கீழே நம் இரண்டு பின்னைத் திணிக்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன். எர்த் பின் உள்ளே போனால்தான் கரன்ட் துளைகளின் மூடி திறக்க வேண்டும் என்பது குழந்தைகள் கை வைக்காமலிருக்கச் செய்த ஏற்பாடு, அதைப் பேனாவால் ஏமாற்றுகிறோம். பின்னும் சரியாகப் பிடிக்காது, சூடாகும்.

அடாப்டர் வோல்டேஜை மாற்றாது, பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும். சார்ஜரில் 100-240 வோல்ட் என்று போட்டிருப்பதால் எந்த நாட்டிலும் பிரச்சினை இல்லை. ஆனால் "குட்டி டிராவல் கெட்டில், குட்டி இஸ்திரிப் பெட்டி" என்று பரிசுக் கடைகளில் அழகாக வைத்திருப்பார்கள், அவை 230 வோல்ட்டுக்கு மட்டும் செய்தவையாக இருக்கும். அமெரிக்காவிலோ ஜப்பானிலோ அதைச் சொருகினால் வோல்டேஜ் பாதி, சூடு பாதி கூட வராது, கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்குதான் வரும். தண்ணீர் வெதுவெதுப்பாகி அப்படியே நிற்கும். ரயிலிலோ கெட்டில் சொருகவே கூடாது. ஆகவே கெட்டில் பக்கம் போகாதீர்கள்.

அடுத்து பவர் பேங்க். இங்கேதான் பரிசு கொடுப்பவர்கள் அதிகம் தப்பு செய்கிறார்கள், எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று 30,000 எம்ஏஎச் வாங்கிவிடுகிறார்கள். விமானத்தில் எம்ஏஎச் கணக்கு கிடையாது, வாட்-அவர் கணக்கு. 100 வாட்-அவர் வரை கைப்பையில் கொண்டுபோகலாம், அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன் அனுமதி வேண்டும், அதற்கும் மேலே என்றால் பயணியால் எடுத்துப்போகவே முடியாது. கணக்கு சுலபம்: எம்ஏஎச்சை 3.7 ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். பத்தாயிரம் என்றால் 37, இருபதாயிரம் என்றால் 74. முப்பதாயிரம் என்றால் 111, செக்யூரிட்டியில் எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அது பொருளின் மேலேயே அச்சடித்திருக்க வேண்டும். அச்சு அழிந்துபோன பவர் பேங்கை வைத்துக்கொண்டு செக்யூரிட்டியில் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. வாங்கும்போது எழுத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மை அச்சு வந்துவிடும், லேசரில் பொறித்தது வராது. பிஐஎஸ் முத்திரையும் இருக்கிறதா பாருங்கள்.

செக்-இன் பையில் பவர் பேங்க் போடவே கூடாது, எந்த அளவாக இருந்தாலும். ஒரு தடவை எங்கள் குழுவில் ஒருவர் மறந்து போட்டுவிட்டார், போர்டிங் தொடங்குகிற நேரத்தில் அவர் பெயரை மைக்கில் கூப்பிட்டு, கீழே கூட்டிப்போய்ப் பையைத் திறக்க வைத்து, அதை எடுத்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். இதை விடத் தந்திரமான சிக்கல் ஒன்று உண்டு. விமானம் நிரம்பியிருக்கும் நாளில், மேலே இடமில்லை என்று கேட்டிலேயே கைப்பையை வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். அப்போது பின்னால் ஐம்பது பேர் நிற்க, பெட்டியைத் தரையில் விரித்து பவர் பேங்கைத் தேட வேண்டும். அதற்காகத்தான் நாலு பொருளையும் ஒரு சின்ன ஜிப் பைக்குள் வைத்துக் கொடுங்கள் என்கிறேன். ஒரே இழுப்பில் கைக்கு வரும், பெட்டி கீழே போகட்டும்.

இப்போது விதிகள் இன்னும் இறுகிவிட்டன. 2025 ஜனவரியில் தென்கொரியாவில் ஏர் பூசான் விமானம் ஒன்று தரையில் நின்றிருந்தபோதே எரிந்தது, அதன் பிறகு பல நாடுகளும் பவர் பேங்கைச் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்கில் சார்ஜ் போடத் தடை விதித்தது. எமிரேட்ஸ் அதே வருஷம் அக்டோபர் 1 முதல் ஓர் ஆளுக்கு ஒன்றுதான் என்றது, அதையும் உள்ளே பயன்படுத்தக் கூடாது. சீனாவுக்குள் பறப்பதாக இருந்தால் 3சி முத்திரை இல்லாதது ஏறாது. இதெல்லாம் சேர்த்துப் பார்த்தால் பெரிதாக வாங்குவதில் அர்த்தமே இல்லை. விமானத்தில் பயன்படுத்த முடியாது, பிறகு எதற்கு 380 கிராம்? அது வேலை செய்யப்போவது ராத்திரி ரயிலிலும் டாக்ஸியிலும்தான். பல வண்டிகளில் இரவு 11 மணிக்கு மேல் சார்ஜிங் பாயிண்ட்டை அணைத்துவிடுவார்கள், தீ பயம்தான் காரணம். அந்த ஓர் இரவைத் தாண்டப் பத்தாயிரம் போதும்.

பத்தாயிரம் என்றால் ஐயாயிரம் எம்ஏஎச் போனை இரண்டு முறை ஏற்றும் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே இருக்கிற செல் 3.7 வோல்ட், வெளியே வருவது 5 வோல்ட் அல்லது அதற்கு மேல், மாற்றுவதில் கொஞ்சம் சூடாகப் போய்விடும். நடைமுறையில் ஒன்றரை முறை ஏறும். நல்ல கம்பெனி என்றால் இதை அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், 5 வோல்ட்டில் ஆறாயிரத்துச் சொச்சம் என்று ஒப்புக்கொண்டிருக்கும். பின்பக்கமும் பத்தாயிரம் என்று போட்டிருந்தால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். அண்ணன் பையில் ஏற்கனவே ஒரு பழைய பவர் பேங்க் இருக்கும், அதைச் சமதளமான மேசையில் வைத்துச் சுண்டிவிடுங்கள். நன்றாக இருந்தால் இழுபட்டு நிற்கும். பம்பரம் மாதிரி நடுவில் நின்று சுற்றினால் உள்ளே செல் உப்பிவிட்டது என்று அர்த்தம், அதைப் பயணத்துக்கு எடுத்துப்போகக் கூடாது, வீட்டுக் குப்பையிலும் போடக் கூடாது, மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது, குட்டி பாட்டில்கள். முந்நூறு ரூபாய் சமாச்சாரம், ஆனால் சட்டையைக் காப்பாற்றும். கோவையிலிருந்து ஊட்டிக்கு பஸ்ஸில் போகும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொண்டு வருமே, பார்த்திருப்பீர்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். விமானம் பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தை 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்து அளவில் வைத்திருப்பார்கள், அதாவது ஒவ்வொரு விமானப் பயணமும் பைக்கு ஓர் ஊட்டிப் பயணம். பாட்டிலுக்குள் இருக்கிற காற்று கால் பங்குக்கும் கொஞ்சம் மேலே விரியும், அது ஷாம்புவை மூடி வழியாக வெளியே தள்ளும். அதனால்தான் முழு பாட்டிலை விடப் பாதி காலியான பாட்டில் அதிகம் ஒழுகும், பாதி பேருக்கு இது தலைகீழாகத் தோன்றும். எனக்கு ஒரு தடவை தேங்காய் எண்ணெய் ஒழுகி, வாடிக்கையாளர் மீட்டிங்குக்கு வைத்திருந்த ஒரே வெள்ளைச் சட்டையில் தமிழ்நாடு வரைபடம் மாதிரி ஒரு கறை. கோட்டைப் போட்டுப் பட்டனை மாட்டிக்கொண்டு மே மாதத்து அகமதாபாத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வாங்கும்போது படக்கென்று திறக்கிற மூடி வேண்டாம், திருகு மூடி வாங்குங்கள், மூடிக்குள் ஒரு ரப்பர் அல்லது மென்மையான வளையம் இருக்க வேண்டும். பாட்டில் பிதுக்கினால் அமுங்குகிற வகையாக இருந்தால் நல்லது. ஊற்றிய பிறகு பக்கத்தை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு அப்படியே மூடினால் விரிவதற்கு உள்ளே இடம் கிடைக்கும். தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் வாய் அகலமான சின்ன டப்பா தனியாக வாங்குங்கள், ஏனென்றால் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும். டிசம்பரில் டெல்லியில் இறங்கி, ஈர்க்குச்சியை விட்டு எண்ணெயைத் தோண்டியவன் நான். அளவு 100 மில்லிக்கு மேல் வேண்டாம். சர்வதேச விமானத்தில் பார்ப்பது பாட்டிலின் கொள்ளளவை, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை அல்ல, 150 மில்லி பாட்டிலின் அடியில் ஒரு ஸ்பூன் இருந்தாலும் குப்பைத் தொட்டிக்குத்தான். கொடுப்பதற்கு முன்னால் வீட்டில் சோதித்துவிடுங்கள்: பாதியளவு தண்ணீர் ஊற்றி, இரண்டு சொட்டு சோப்பு விட்டு, டிஷ்யூ காகிதத்தில் சுற்றி, ஒரு கவரில் போட்டு, மேலே நாலு தடித்த புத்தகத்தை ஏற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். சோப்புத் தண்ணீர் வெறும் தண்ணீரை விடச் சுலபமாகச் சந்தில் நுழையும். காலையில் காகிதம் காய்ந்திருந்தால் பாஸ்.

நாலாவதைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஈரிழைத் துண்டு. அல்லது குற்றாலத் துண்டு என்று விற்கிற கட்டம் போட்ட மெல்லிய துண்டு. டிராவல் டவல் என்று மைக்ரோஃபைபரில் ஒன்று விற்கிறார்கள், நான் இரண்டு வாங்கிப் பார்த்தேன். தண்ணீரை உறிஞ்சும், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் உடம்பில் இழுபடும், மூன்றாவது நாள் ஒரு புளிச்ச வாடை வரும், வெந்நீரில் போட்டாலும் முழுதாகப் போகாது. நம் துண்டு 150 கிராம். குளித்துவிட்டுப் பிழிந்து ஹோட்டல் அறையில் ஏசி காற்று படுகிற இடத்தில் போட்டால் ஷேவிங் முடித்து, டிபன் சாப்பிட்டு, பை கட்டுகிற நேரத்துக்குள் மடித்து வைக்கும் அளவுக்குக் காய்ந்துவிடும். ரயிலில் ஏசி குளிர் தாங்காவிட்டால் காதை மூடிக் கட்டிக்கொள்ளலாம், தலையணைக்கு மேலே விரிக்கலாம், முகத்தில் போட்டுக்கொண்டால் விளக்கு வெளிச்சம் தெரியாது, ஆக கண் மறைப்பான் என்று ஒன்று தனியாக வாங்க வேண்டாம். ஆனால் புதுத் துண்டைக் கடையிலிருந்து அப்படியே கொடுத்துவிடாதீர்கள். கஞ்சி இருக்கும், தண்ணீர் மேலே உருண்டு ஓடும். ராத்திரி ஊற வைத்து இரண்டு மூன்று தடவை தனியாக அலசிக் காயப்போடுங்கள், சாயம் போகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அடர் சிவப்பு, அடர் நீலம் வேண்டாம், வெளிர் நிறமாக இரண்டு எடுங்கள்.

இப்போது தராசுக்குத் திரும்புவோம். சார்ஜரில் 380 கிராம் குறைந்தது. பவர் பேங்க் 200 கிராமாகி 180 குறைந்தது. துண்டில் 300. பெரிய ஷாம்பு, எண்ணெய் பாட்டில்கள் போய்க் குட்டி பாட்டில்கள் வந்ததில் 200. மொத்தம் 1,060. ஏழு கிலோ 980 கிராமாக இருந்த பை 6 கிலோ 920 கிராம். சரி, விளிம்பில்தான் நிற்கிறது, ஆனாலும் கவுன்டரில் தராசைக் காட்டினால் தயங்காமல் வைக்கலாம். நான் கடைசியாக வாங்கிய விலைப்படி சார்ஜரும் ஒயரும் 2,000, பவர் பேங்க் 1,100, பாட்டில்கள் 300, துண்டு இரண்டு 300, அடாப்டரும் ஜிப் பையும் 300. சரியாக உங்கள் பட்ஜெட்.

பணம் மிஞ்சினால், அல்லது அக்கா தங்கை யாராவது பங்கு போட்டால், பெட்டியைக் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்க்கிற கைத்தராசு வாங்கலாம். துபாயிலிருந்து வரும்போது அண்ணி கொடுத்துவிட்ட லிஸ்ட்டுக்கு அது தேவைப்படும். பையைத் தேடித் தருகிற டிராக்கர் வாங்குவதாக இருந்தால் முதலில் அவர் போன் எது என்று கேளுங்கள், ஏர்டேக் ஐபோனோடு மட்டும்தான் ஒழுங்காக வேலை செய்யும், ஆண்ட்ராய்டுக்கு வேறு வகை. செக்-இன் போடாத ஆளுக்கு அது பெரிதாகப் பயன்படாது என்பது என் கருத்து. கத்தி, கத்தரி, ஸ்க்ரூட்ரைவர் எல்லாம் மடிந்து வருகிற பல்நோக்குக் கருவி ஆண்களுக்குப் பிடிக்கும் என்று வாங்கிக் கொடுப்பார்கள், கைப்பையோடு மட்டும் போகிறவரிடம் அது முதல் பயணத்திலேயே செக்யூரிட்டியில் போய்விடும். பேட்டரி உள்ளேயே பொருத்திய ஸ்மார்ட் சூட்கேஸும் வேண்டாம், பேட்டரியைக் கழற்ற முடியாவிட்டால் 2018-லிருந்தே பல நிறுவனங்கள் ஏற்றுவதில்லை.

ஒரு வேலை பாக்கி. அண்ணன் ஊரிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கே, பையைக் காலி செய்வதற்கு முன்னால், அண்ணியை விட்டு அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். லேப்டாப் சார்ஜரின் முனையையும் அடியில் உள்ள எழுத்தையும் கிட்டத்தில் ஒன்று, திறந்த பெட்டியை மேலிருந்து ஒன்று. அவர் ஏற்கனவே கேன் சார்ஜருக்கு மாறியிருந்தால் அந்த முதல் படத்திலேயே தெரிந்துவிடும், அந்த 2,000 ரூபாயை வேறு எதற்காவது திருப்பலாம். பெட்டியின் ஓரத்தில் பிளாஸ்டிக் கவருக்குள் கவர், அதற்குள் இன்னொரு கவர் என்று சுற்றி ஏதாவது தெரிந்தால், அது எண்ணெய் பாட்டில்தான். அந்த டப்பாவை முதலில் வாங்குங்கள்.